மூணு வார ஊசி நாற்பதாவது நாளில் விழுந்தால்

கேள்வி: என் தம்பிக்கு 31 வயசு. ஆறு வருஷமா மனச்சிதைவு நோய்க்கு வைத்தியம். மாத்திரையை ஒழுங்காப் போட மாட்டான்னு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஃப்ளூஃபெனசின் ஊசி 25 மில்லிகிராம், மூணு வாரத்துக்கு ஒருதடவை போடுறாங்க. விசைப்படகுல வேலை. போன தடவை ஊசி தேதி தப்பி 19 நாள் கழிச்சுத்தான் போனோம். அந்த நாளெல்லாம் நல்லாத்தான் இருந்தான். "ஊசி இல்லாமலே ஒண்ணும் ஆகலையே, இனி எதுக்கு?" என்கிறான். விட்டுப்போனதுக்குச் சேர்த்து ரெண்டு ஊசியாப் போடச் சொன்னேன், நர்ஸ் மாட்டேன்னுட்டாங்க. நாக்கை நீட்டு, கையை நீட்டு, நடந்து காட்டுன்னு வேற சொல்றாங்களாம், அவனுக்கு எரிச்சல். நாங்க என்ன செய்யணும்?
(வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: "ஒண்ணும் ஆகலையே" என்று உங்கள் தம்பி சொல்வது பொய்யில்லை. அந்த ஊசியின் தன்மையே அதுதான். ஃப்ளூஃபெனசின் டெகனோயேட் நல்லெண்ணெயில் கரைத்த மருந்து, ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம். தசைக்குள் இறங்கிய எண்ணெய் அங்கேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விடுகிறது. தொடர்ந்து ஊசி போட்டு வருபவருக்கு இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். அந்தக் கணக்கில் 14ஆம் நாள் பாதி, 28ஆம் நாள் கால், 42ஆம் நாள் அரைக்கால். உங்கள் தம்பிக்கு 21 நாளும் 19 நாளும் சேர்ந்து 40 நாள். கிட்டத்தட்ட அரைக்கால் பங்குக்கு இறங்கிய பிறகுதான் ஊசி விழுந்திருக்கிறது.

மருந்து இறங்கிய அன்றே நோய் திரும்பிவிடாது. பல வாரம், சிலருக்குச் சில மாதம் கழித்துத்தான் திரும்பும். அதனால்தான் தேதி தப்பியதையும் பிறகு வந்த குழப்பத்தையும் வீட்டில் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. "நல்லாத்தானே இருந்தான், திடீர்னு இப்படி" என்பார்கள். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: இப்போது ஊசி போட்டாயிற்று என்றாலும் பழைய அளவு உடனே வந்துவிடாது. தவறாமல் போட்டு வந்தால் அளவு ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை அவருடைய தூக்கத்தைக் கவனியுங்கள். கடலுக்குப் போகாத இரவிலும் மூன்று நாள் தொடர்ந்து தூங்காவிட்டால், தனியே பேசுவது அதிகமானால், சாப்பாட்டில் சந்தேகம் வந்தால் அடுத்த ஊசித் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இடைவெளி நீண்டவர்களுக்கு அந்தப் பள்ளத்தை நிரப்ப டாக்டர்கள் சில வாரத்துக்கு மாத்திரையும் எழுதுவதுண்டு. தம்பிக்கு அது தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.

இரண்டு ஊசியாகப் போட நர்ஸ் மறுத்தது சரி. இந்த மருந்தின் அளவு போட்ட முதல் ஓரிரு நாளில் சட்டென்று ஏறி, பிறகு மெல்ல இறங்கும். இரட்டிப்பாகப் போட்டால் அந்த ஏற்றமும் இரட்டிப்பாகும். கழுத்து கோணும், தாடை இறுகும், கை மரத்துக்கட்டை போலாகும். மாத்திரையானால் நிறுத்திவிடலாம். தசைக்குள் போன எண்ணெயைத் திரும்ப எடுக்க வழியில்லை. விட்டுப்போன ஊசிக்கு ஈடு செய்யும் முறை மருந்துக்கு மருந்து வேறு. பாலிபெரிடோன் மாத ஊசி என்றால் தேதிக்கு முன்பின் ஏழு நாள் இடம் உண்டு. ஆறு வாரம் தாண்டினால் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசியாகப் போட்டு மறுபடி தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படிப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே கேட்க வேண்டாம்.

இனி அந்த நாக்கு விஷயம். நாக்கை நீட்டச் சொல்வது, அது புழு நெளிவது போல் தானாக அசைகிறதா என்று பார்க்க. பல வருஷம் இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்கு நாக்கு, உதடு, விரல்களில் இப்படி அசைவு வரலாம். முற்றினால் முழுசாகப் போவது கடினம், ஆரம்பத்திலேயே கண்டால் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். பெரும்பாலும் நோயாளிக்கே அது தெரியாது. கையை நீட்டச் சொல்வது நடுக்கத்துக்காக. நடக்கச் சொல்வது கை வீசி நடக்கிறாரா, உடம்போடு ஒட்டிக்கொண்டு நடக்கிறாரா என்று பார்க்க. இறுகிய கையோடு படகில் வலை இழுப்பது ஆபத்து என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நர்ஸ் எவ்வளவு பார்த்தாலும் பிடிபடாத ஒன்று உண்டு. அதை வீட்டார்தான் சொல்ல முடியும். ஊசி போட்ட சில நாட்களில் ஒரே இடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும். எழுந்து எழுந்து நடப்பார், நின்றாலும் கால் மாற்றி மாற்றி வைப்பார். பார்க்கிறவர்களுக்கு "மறுபடி ஆரம்பிச்சுட்டான்" என்று தோன்றும். அப்படியே போய்ச் சொன்னால் ஊசியின் அளவு கூட்டப்படலாம், பரபரப்பும் கூடும். பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: "உனக்கு மனசுல என்னமோ தோணி நடக்கிறியா, கால் சும்மா இருக்க விடமாட்டேங்குதா?" கால்தான் என்றால், ஊசி போட்டு எத்தனையாவது நாள் அது தொடங்கியது என்று குறித்துக்கொண்டு போய் அப்படியே சொல்லுங்கள். ஊசி வேண்டாம் என்று பலர் ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கும். தம்பியிடமும் கேட்டுப் பாருங்கள்.

எடை, இரத்த அழுத்தம், அவ்வப்போது சர்க்கரை, இவையும் பார்ப்பார்கள். அழுத்தத்தை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தால் வியக்க வேண்டாம். எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்பதற்காக.

ஊசி போடும் விதத்திலும் மருந்து வீணாகலாம். ஈரமில்லாத சிரிஞ்சும் ஊசியும் வேண்டும், ஈரம் பட்டால் எண்ணெய் கலங்கும். பிட்டத்தின் மேல் வெளிப்பக்கத்தில், தோலை ஒருபக்கமாக இழுத்துப் பிடித்து, ஆழமாக, மெதுவாகப் போட்டு, சுமார் பத்து விநாடி பொறுத்து ஊசியை எடுத்த பிறகே தோலை விடுவார்கள். எண்ணெய் போன வழியே திரும்பிக் கசியாமலிருக்க அது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. போன தடவை இடது பக்கம் என்றால் இந்தத் தடவை வலது. இதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நல்லெண்ணெய், எள் ஒவ்வாதவருக்கு இந்த மருந்து ஆகாது.

தேதிக்கு வருவோம். மூன்று வாரம் என்றால் 21 நாள், எப்போதும் அதே கிழமையில் வரும். "மாசத்துக்கு ஒண்ணு" என்று மனதில் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒன்பது பத்து நாள் நழுவும். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கும் நாட்களில், படகு கடலுக்குப் போகாத கிழமை எது என்று பார்த்து அதையே கேட்டு வாங்குங்கள். அன்று கடலில் இருக்க நேரும் என்று முன்பே தெரிந்தால், இரண்டு மூன்று நாள் முந்திப் போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைக்கலாம். இந்த மருந்தில் பிந்துவதை விட முந்துவது மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் வேலை தேடிக் கேரளப் பக்கம் போவதானால், மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசித் தேதி, எந்தப் பக்கம் என்று நான்கையும் எழுதிய கடிதம் கையில் இருக்க வேண்டும். அங்கே உள்ள அரசு ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் போதும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊசி உடல் சூட்டைத் தணிக்கும் திறனைக் குறைக்கும். கை இறுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை வியர்வையைக் குறைத்து அதை இன்னும் கூட்டும். படகில் தலைக்குத் துண்டும் தேவைக்கு மேல் தண்ணீரும் இருக்கட்டும். கடும் காய்ச்சலோடு உடம்பு முழுக்க விறைத்து, பேச்சும் குழம்பினால், அது வெயிலா மருந்தா என்று வீட்டில் யோசிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, கடைசி ஊசி போட்ட தேதியை முதலில் சொல்லுங்கள்.