தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டது என் தலையில் விடியுமா?

கேள்வி: ஐயா, நான் டர்பனில் பிளம்பர் வேலை செய்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் ஓர் அக்கா வீட்டில் கீசர் மாற்ற 9,800 ரேண்டுக்குப் பேசி, 3,000 முன்பணம் வாங்கினேன். செவ்வாய் காலை 9 மணிக்கு வருவதாகச் சொன்னேன். ஃபீனிக்ஸில் எடுத்த வேலை இழுத்துவிட்டது. தாமதமாகும் என்று 8 மணிக்கே தெரிந்தும், 11.40-க்குத்தான் மன்னிப்புக் கேட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதினேன். ஒன்றேகாலுக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. "வியாழன் 10 மணிக்கு வருகிறேன்" என்று மறுபடி எழுதினேன். அவர் வேலையே வேண்டாம், முன்பணத்தோடு அரை நாள் சம்பளம் 600-ம் கொடு என்கிறார். நான் போய்வந்த செலவு 450-ஐப் பிடித்துக்கொள்ளலாமா? மன்னிப்புக் கேட்டதால் மாட்டிக்கொண்டேனா? இனிமேல் செய்தியின் மேலே "விதவுட் பிரெஜுடிஸ்" என்று போடச் சொல்கிறான் என் மச்சான். போடலாமா?

பதில்: தம்பி, முதலில் 450-ஐ முடித்துவிடுவோம். பிடிக்க முடியாது. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, நேரம் குறித்துப் பேசியிருந்தால் அந்த நேரத்தில் வேலையைச் செய்து தருவது உங்கள் பொறுப்பு என்கிறது. வேறு நேரத்தில் போய் நின்றால் முடிவு வாடிக்கையாளர் கையில். அந்த நேரத்தை அவர் ஏற்றுக்கொள்ளலாம். அல்லது எந்த அபராதமும் இல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். குறித்த நேரம் இன்னும் கடக்கவில்லை என்றால், "சொன்ன நேரத்துக்கே வா" என்று கேட்கவும் செய்யலாம். உங்கள் விஷயத்தில் 9 மணி கடந்துவிட்டது, அவர் ரத்து செய்துவிட்டார். அதன்பின் போய்வந்த செலவைப் பிடிப்பது அபராதம் போடுவதேதான். 3,000-ஐ முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். கீசர் உங்கள் பக்கி வண்டியில்தானே இருக்கிறது? அடுத்த வேலைக்கு ஆகும்.

வியாழன் 10 மணி என்று நீங்கள் எழுதியதால் ஒன்றும் மாறிவிடவில்லை. அது நீங்கள் வைத்த கோரிக்கை மட்டுமே. அவர் "சரி" என்று பதில் எழுதியிருந்தால்தான் அது புதிய ஒப்பந்தமாகியிருக்கும். வாட்ஸ்ஆப்பில் எழுதிய சம்மதமும் சம்மதமே. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை கதவைத் தட்டாதீர்கள். "வருகிறேன்" என்று எழுதியதற்குப் பதில் "வரட்டுமா" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்பவருக்கும் சட்டத்துக்கும் அந்த ஒரு சொல்லில் பெரிய வித்தியாசம்.

இனி மன்னிப்புக்கு வருகிறேன். உங்களைப் போலப் பலர் இந்தப் பயத்தால்தான் வாயை மூடிக்கொண்டு, இன்னும் பெரிய சிக்கலில் விழுகிறார்கள். "மன்னிக்கவும்" என்ற சொல் தன்னளவில் கடனையோ பொறுப்பையோ உங்கள் மேல் ஏற்றுவதில்லை. எடை கூடுவது அதோடு சேர்த்து எழுதும் விவரங்களுக்கு. "8 மணிக்கே தெரியும், ஆனால் சொல்ல மறந்துவிட்டேன்" என்று எழுதினால், அது உங்கள் வாக்குமூலம். வாட்ஸ்ஆப் செய்தியைச் சாட்சியமாகக் காட்ட முடியும். 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிமாற்றச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அதற்காக, நெடுஞ்சாலையில் விபத்து என்று கதை கட்டிவிடாதீர்கள். ஃபீனிக்ஸ் வீட்டுக்காரருக்கு நீங்கள் எழுதித்தந்த ரசீதில் நேரம் இருந்தால் அந்தக் கதை அங்கேயே உடையும்; பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் மச்சான் சொன்ன அந்த வரியைப் பற்றி. தகராறு வந்தபின், அதைத் தீர்க்க மனதார ஒரு தொகையோ வழியோ முன்வைத்துப் பேசுகிறோமே, அந்தப் பேச்சை நீதிமன்றத்தில் நமக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பதற்குத்தான் அது. எந்தச் செய்தியின் தலையில் ஒட்டினாலும் வேலை செய்யும் தாயத்து அல்ல. தாமதத்தைத் தெரிவிக்கும் செய்தியில் தீர்வுப் பேச்சே இல்லை, அதனால் பாதுகாப்பும் இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். தவிர்க்க முடியாத தாமதம் என்றால் அதை உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் தெரிவித்தீர்கள் என்பதற்கு அந்தச் செய்திதான் உங்கள் சாட்சி. அதை நீங்களே ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? மன்னிப்பும் நேரமும் வெளிப்படையாக இருக்கட்டும். 600 ரேண்டைப் பற்றிப் பேரம் பேசுவதானால் மட்டும் தனிச் செய்தியில் அந்த வரியைப் போட்டு எழுதுங்கள்.

உங்களுக்கு உண்மையில் எதிராக நிற்பது மன்னிப்பு அல்ல, 8 மணிக்கும் 11.40-க்கும் இடையிலான மௌனம். 8.15-க்கு இப்படி எழுதியிருந்தால்?

"அக்கா, வணக்கம். கீசர் வேலைக்கு இன்று 9 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். காலையில் எடுத்த வேலை முடியவில்லை, 1 மணிக்கு முன்னால் வர முடியாது. என் கணக்குத் தப்பிவிட்டது, மன்னிக்கவும். இன்று 1 மணிக்கு வரட்டுமா, வியாழன் காலை 10 மணிக்கு வரட்டுமா? இரண்டும் தோதுப்படாவிட்டால் முன்பணம் 3,000 ரேண்டையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். உங்கள் பதில் வந்தபிறகே கிளம்புவேன்."

அப்போதும் ரத்து செய்யும் உரிமை அவருக்கு இருந்திருக்கும். ஆனால் அவர் நேரே வேலைக்குப் போயிருப்பார். அரை நாள் சம்பளம் போயிருக்காது, 600 என்ற பேச்சே எழுந்திருக்காது. தனக்கு வரும் நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்வது அவர் கடமைதான். ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவரால் செய்ய முடியும்? அனுப்பியபின் இரண்டு குறி விழுந்ததா என்றும் பாருங்கள். ஒற்றைக் குறியோடு நின்றால் செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. உடனே கூப்பிட்டுப் பேசுங்கள்.

அந்த 600-ஐ அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேலைக்காரர் வருவார் என்று விடுப்பு எடுத்து வீட்டில் காத்திருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே, ஆகவே எதிர்பார்க்கக்கூடிய நஷ்டம் என்று வாதாட இடமுண்டு. சிறு உரிமை நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், அங்கே வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. முதலில் 14 நாள் கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும், சம்பளம் வெட்டப்பட்டதையும் காட்ட வேண்டும். சம்பள வெட்டு உண்மை என்று தெரிந்தால் கொடுத்து முடிப்பதே என் யோசனை. 600 ரேண்டுக்காக ஒரு நாள் வேலையை விட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கே அதைவிட அதிகம் போகும்.

இன்றே 3,000-ஐ அவர் கணக்கில் போட்டு, போட்ட சீட்டின் படத்தோடு எழுதுங்கள்: "அக்கா, முன்பணம் முழுவதும் அனுப்பிவிட்டேன். நேரத்தோடு சொல்லாதது என் தவறு." அடுத்த நாள் தனிச் செய்தியில், அந்த வரியை மேலே போட்டு, 600-ஐப் பற்றி எழுதுங்கள். இனி வேலைக்கு விலை எழுதித் தரும் சீட்டிலேயே "9 மணி" என்று எழுதாமல் "9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில்" என்று எழுதி, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 12 வரை அது தாமதம் ஆகாது. 12-ஐத் தாண்டும் என்று தெரிந்த நிமிடத்தில் போனை எடுங்கள்.