‘1,250’ என்றால் எவ்வளவு? அலகு இல்லாத அட்டவணைகள்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், ஒரு கம்பெனி ஆண்டறிக்கையில் ஒரே ஒரு பக்கம்தான் ஸ்கிரீன்ஷாட்டாக வந்தது. பங்கு மூலதனம் 1,250, வருமானம் 18,400, லாபம் 2,310. லட்சமா, கோடியா? பங்கு விலை 370.

கீழே எங்காவது ஒரு பங்குக்கான லாபம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற எண்களை லட்சத்திலோ கோடியிலோ சுருக்கினாலும் அந்த வரியை மட்டும் ரூபாயில்தான் போடுவார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் 18.48 என்று இருக்கிறது. முகமதிப்பு 10 ரூபாய் என்பதும் தெரிகிறது.

முதலில் லட்சம் என்று வைத்துப் பார்ப்போம். மூலதனம் 12.5 கோடி ரூபாய். முகமதிப்பான பத்தால் வகுத்தால் 1.25 கோடி பங்குகள். லாபம் 23.1 கோடி. அதை 1.25 கோடியால் வகுத்தால் 18.48, சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இதோடு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கோடி என்று வைத்தாலும் மூலதனமும் லாபமும் சேர்ந்தே பெருகுவதால் அதே 18.48தான் வரும். இந்தச் சோதனை அலகைக் காட்டாது, வரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் காட்டும். அலகைக் காட்டிக்கொடுப்பது பங்குகளின் எண்ணிக்கை. பங்கு மூலதனக் குறிப்பிலும் பங்குச் சந்தைத் தளத்திலும் அது பெரும்பாலும் சுருக்காத முழு எண்ணாகவே இருக்கும். 1,25,00,000 என்று இருந்தால் அட்டவணை லட்சத்தில், 125 கோடி என்று இருந்தால் கோடியில்.

தவறாக யூகித்தால் என்ன ஆகும்? பங்குகள் 1.25 கோடி என்று தெரிந்தபின் லாபத்தை 2,310 கோடி என்று எடுத்துப் பாருங்கள். அந்தப் பங்குகளைப் பங்கு விலை 370ஆல் பெருக்கினால், மொத்தக் கம்பெனியின் சந்தை விலையே 462.5 கோடிதான். ஒரு வருட லாபத்தில் ஐந்தில் ஒரு பாகத்துக்கு முழுக் கம்பெனியை யாராவது விற்பார்களா?

கேள்வி: 100 கோடிக்கு மேல் வருமானம் என்றால் கோடியில்தான் போட வேண்டும் என்பது சட்டம்தானே? இவ்வளவு கணக்கு எதற்கு?

பாதி சரி. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, மொத்த வருமானம் 100 கோடிக்குக் கீழ் என்றால் நூறு, ஆயிரம், லட்சம், மில்லியன் வரை சுருக்கலாம். 100 கோடியோ அதற்கு மேலோ என்றால் லட்சம், மில்லியன், கோடி. ஆகவே பெரிய கம்பெனி லட்சத்தில் போடுவதில் தப்பில்லை. ‘ஆயிரம்’ என்ற யூகத்தை மட்டும் தள்ளிவிடலாம். நான் அதிகம் பயப்படுவது மில்லியனுக்குத்தான். லட்சத்தோடு வித்தியாசம் பத்து மடங்கே என்பதால், தப்பு நடந்தாலும் எண் நம்பும்படியாகவே இருக்கும்.

கேள்வி: கமா வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியுமே அக்கா?

12,34,567 என்று இருந்தால் எழுதியவரின் வழக்கம் தெரியும், அவ்வளவுதான். ரூபாயா லட்சமா என்று கமா சொல்லாது. 1,250க்கு இந்திய முறையிலும் மேலைநாட்டு முறையிலும் ஒரே கமாதான். எக்செல் கோப்பாக வந்தால் கட்டத்தைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா வரியைப் பாருங்கள். `#,##0,` என்ற வடிவம் கொடுத்திருந்தால், உள்ளே 1250000 இருக்கும், கண்ணுக்கு 1,250 தெரியும். அதை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்தவர்களால்தான் பல அட்டவணைகள் ஆயிரம் மடங்கு மெலிந்து திரிகின்றன.

கேள்வி: எனக்கு லாப சதவீதம் மட்டும்தான் வேண்டும். இதெல்லாம் தேவையா?

தேவையில்லை. 2,310ஐ 18,400ஆல் வகுத்தால் எந்த அலகிலும் 12.6 சதவீதம்தான். ஆனால் இரண்டு எண்களும் ஒரே அட்டவணையிலிருந்து வர வேண்டும். லாப நட்டக் கணக்கு கோடியில் இருக்க, இயக்குநர் சம்பள அட்டவணை லட்சத்தில் இருப்பது சகஜம். அங்கே சதவீதமும் நூறு மடங்கு பிசகும்.

கேள்வி: இந்தியக் கம்பெனிக்குச் சிங்கப்பூரில் துணை நிறுவனம். அதன் லாபம் 45. ரூபாயா, டாலரா?

அறிக்கையோடு ஏஓசி-1 என்ற படிவம் இருக்கும். வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் நாணயமும், நிதியாண்டின் கடைசி நாள் மாற்று விகிதமும் அதில் தனி வரியாக வரும். அதைப் பார்க்காமல் அந்த 45ஐத் தாய்க் கம்பெனியின் லாபத்தோடு கூட்டாதீர்கள்.

கேள்வி: என் மாமா திருப்பூரில் சின்னதாக ஏற்றுமதி செய்கிறார், பார்ட்னர்ஷிப் நிறுவனம். அவருடைய தாளில் ‘ஏற்றுமதி 42’ என்று மட்டும் இருக்கிறது. பங்கும் இல்லை, முகமதிப்பும் இல்லை. என்ன செய்வது?

உங்களுடையதுதான் கஷ்டமான கேஸ். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 42 ஆயிரம் டாலர் என்பது 35.7 லட்சம் ரூபாய். 42 லட்சம் ரூபாய் என்று யூகித்தாலும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டுமே ஒரு சின்ன யூனிட்டுக்குப் பொருந்தும் தொகை, பார்வைக்கு எதுவும் உறுத்தாது. அதே தாளில் கூலி, வாடகை மாதிரி உங்களுக்கே தெரிந்த ஒரு தொகை இருந்தால் அந்த வரியின் அலகைப் பிடிக்கலாம். ஆனால் ஏற்றுமதி வரியை மட்டும் டாலரில் எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதனால் அதுவும் உறுதியில்லை. வங்கி லோனுக்குத்தான் இந்தத் தாள் என்றால், மாமாவிடம் பில் ஒன்றை வாங்கிப் பார்க்கும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.