7.20 லட்சத்துக்கு வாங்கிய கார்: உண்மையில் எவ்வளவு நஷ்டம்?

கேள்வி: 2018 மார்ச்சில் ஆன்-ரோடு 7.20 லட்சம் கொடுத்து ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினேன். சிங்கிள் ஓனர், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டயர்கள் போன வருடம் மாற்றியவை. இப்போது ஷோரூமில் எக்சேஞ்சுக்கு 3.10 லட்சம் என்கிறார்கள். பழைய கார் கடைக்காரர், "இது 2017 மாடல் சார்" என்று சொல்லி 2.65-க்கு மேல் ஏற மறுக்கிறார். ஆப்பில் 3.35 காட்டியது, ஆள் வந்து பார்த்ததும் 2.80 ஆகிவிட்டது. எட்டு வருடத்தில் எனக்கு எவ்வளவு நஷ்டம்? எந்த விலை நியாயம்? பில், கொட்டேஷன் நகல்களை இணைத்துள்ளேன். (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் அந்த 7.20 லட்சத்தை மறந்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய பில்லில் காரின் விலை, அதாவது எக்ஸ்-ஷோரூம், 6,02,000 ரூபாய்தான். மீதி 1,18,000 ரூபாயில் சாலை வரி 60,200, முதல் வருட இன்ஷூரன்ஸ் 24,500, பதிவுச் செலவு 5,300. சீட் கவர், மேட், ரியர் கேமரா என்று 18,000. கூடுதல் வாரண்டிக்கு 10,000. இந்த 1.18 லட்சம் செலவுக் கணக்கு, தேய்மானக் கணக்கு அல்ல. அந்த இன்ஷூரன்ஸ் ஒரு வருடத்தில் தீர்ந்துபோனது. சீட் கவருக்கு எந்த டீலரும் பத்துப் பைசா தரமாட்டார். சாலை வரி 15 வருடத்துக்குக் கட்டியது. மீதி ஏழு வருடத்துக்கான வரி வண்டியோடு வாங்குபவருக்குப் போய்விடும். தமிழ்நாட்டுக்குள் விற்கும்போது அதுவும் சேர்ந்ததுதான் சந்தை விலை. ஆகவே நஷ்டத்தை 6.02 லட்சத்திலிருந்து எண்ணுங்கள்.

ஆனால் இன்றைய விலையை மதிப்பிட அந்த 6.02-உம் உதவாது. பழைய கார் வாங்க வருபவர் உங்கள் 2018 பில்லைப் பார்த்து விலை சொல்வதில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாமே" என்றுதான் யோசிப்பார். அதனால் இதே வகைப் புது வண்டியின் இன்றைய எக்ஸ்-ஷோரூம் விலையில்தான் கணக்கு தொடங்குகிறது. உங்கள் கொட்டேஷனில் அது 6.50 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு வரி, செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆகக் குறைந்தது. 100 ரூபாய்க்கு விற்ற வண்டி ஏறக்குறைய 91.50 ஆயிற்று. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு விற்றார் என்பது இன்று பேச்சுக்கு உதவாது.

நான் மதிப்பிடும் முறை எளிது. முதல் வருடத்துக்கு 15 சதவீதம் கழிப்பேன். அதன்பின் ஒவ்வொரு வருடமும் மீதி இருப்பதில் 9 சதவீதம் கழிப்பேன். இது சட்டம் அல்ல. நன்றாக விலை போகும் சின்ன பெட்ரோல் கார்களுக்கு என் கைக்குப் பழகிய அளவு, அவ்வளவுதான். 6.50 லட்சம் முதல் வருடம் 5.52 ஆகும். பிறகு 5.03, 4.57, 4.16, 3.79, 3.45, 3.14 என்று இறங்கி, எட்டாம் வருட முடிவில் 2.86-இல் நிற்கும். இதில் உடனடியாகச் செய்தாக வேண்டிய வேலையைக் கழிக்க வேண்டும். டயர் நான்கும் தேய்ந்திருந்தால் 18,000 முதல் 20,000 வரை போகும். உங்களுடையது போன வருடம் மாற்றியவை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கழிக்கவில்லை. 2.75-க்கும் 2.95-க்கும் நடுவில் உங்கள் வண்டி இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும், வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரும் உச்சத் தொகை அது. அதைக் காட்டி, "இதுதான் மதிப்பு" என்று பேசப்போகாதீர்கள். அதற்கான தேய்மான அட்டவணை 5 வருடத்தில் 50 சதவீதக் கழிவோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் கம்பெனியும் நீங்களும் ஒத்துக்கொண்ட தொகைதான் அது.

இனி அந்த "2017 மாடல்" பேச்சு. ஆர்.சி.யை எடுத்து, தயாரித்த மாதம், வருடம் என்ற இடத்தைப் பாருங்கள். 2018 என்று இருந்தால் கடைக்காரர் சொன்னது பொய், அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். 2017 டிசம்பர் என்று இருந்தால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சந்தையில் தயாரித்த வருடத்தைத்தான் மாடல் என்கிறார்கள், அது உண்மை. ஒரு வருடம் கூட்டினால் என் கணக்கில் 2.86 என்பது 2.60 ஆகிவிடும். அவர் 2.65-இல் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் மூன்று மாதம் முந்திச் செய்த வண்டிக்கு முழு வருடத் தேய்மானத்தையும், 26,000 ரூபாயை, ஏன் விட வேண்டும்? பதிவின் 15 வருட ஆயுள் 2018 மார்ச்சிலிருந்துதான் ஓடுகிறது. அதே கடைக்காரர் நாளை இந்த வண்டியைத் துடைத்து முன்கண்ணாடியில் அட்டை ஒட்டும்போது "2018" என்றுதான் எழுதுவார். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாங்கும்போது தயாரித்த வருடம், விற்கும்போது பதிவு வருடம். ஆகவே டிசம்பர் என்றால் ஏழெட்டாயிரம் குறையுங்கள், போதும். 2017 தொடக்கத்தில் செய்த வண்டியாக இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வருடம் தேங்கிக் கிடந்த வண்டியை ஷோரூம்காரர் பெரிய தள்ளுபடி இல்லாமல் தள்ளியிருக்க மாட்டார். உங்கள் பில்லில் தள்ளுபடி என்று ஒரு வரி கூட இல்லை. அதனால் 2018 அல்லது 2017 கடைசி என்றே நினைக்கிறேன்.

ஷோரூம் சொன்ன 3.10-ஐப் பார்த்துத்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அதற்குள் 40,000 ரூபாய் எக்சேஞ்ச் போனஸ் ஒளிந்திருக்கிறது. அது உங்கள் பழைய வண்டியின் விலை அல்ல, புது வண்டியை விற்பதற்கான தள்ளுபடி. பழைய வண்டி இல்லாமல் போனாலும் அதில் ஒரு பகுதி ரொக்கத் தள்ளுபடியாகக் கிடைக்கும். இரண்டையும் கலந்து சொன்னால் உங்களுக்கு எதுவும் பிடிபடாது, அதற்காகவேதான் கலந்து சொல்கிறார்கள். இதைப் பிரிக்க ஒரே வழி: உங்கள் மைத்துனரையோ நண்பரையோ அதே ஷோரூமுக்கு அனுப்பி, "எக்சேஞ்ச் இல்லை, கடைசி விலை என்ன?" என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். உங்கள் கொட்டேஷனில் புது வண்டி ஆன்-ரோடு 7.80. பழையதைக் கொடுத்தால் நீங்கள் கட்ட வேண்டியது 4.70. நண்பருக்கு 7.50 என்று சொன்னால், 7.50-இல் 4.70-ஐக் கழியுங்கள். உங்கள் வண்டிக்கு அவர்கள் தருவது 2.80. நண்பருக்கு 7.40 என்றால் 2.70தான். இந்தக் கழித்தலைச் செய்யாமல் 3.10 என்ற எண்ணை எதனோடும் ஒப்பிடாதீர்கள்.

ஆப்பில் தெரிந்த 3.35 வெறும் தூண்டில். ஆள் வந்து பார்த்த பிறகு சொன்ன 2.80தான் விலை. அவர் ஒவ்வொரு கதவிலும் பெயின்ட் தடிமனை அளக்கும் ஒரு சிறு மீட்டரை வைத்துப் பார்த்திருப்பார். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். இடது பின்கதவில் மட்டும் 300 காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்த கதவு. ஒரு கதவு கீறலுக்குப் பெயின்ட் அடித்ததற்கும், கூரையைத் தாங்கும் தூணில் வெல்டிங் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுவிட்டு, இரண்டையும் "ஆக்ஸிடென்ட்" என்று சொல்லி விலையை இறக்குவார்கள். எதற்கு எவ்வளவு குறைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு பொய்யும் சுற்றுகிறது. "உங்க வண்டி விலையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடிக்கணும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களைப் போலச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை விற்பவருக்கு அந்த வரி கிடையாது. டீலர்தான் கட்ட வேண்டும், அதுவும் அவருடைய லாபத்தின் மீது மட்டும். 2.80-க்கு வாங்கி 3.10-க்கு விற்றால் 30,000-க்கு 5,400 ரூபாய். உங்களிடம் 2.80-க்குப் பிடித்தால் 50,400. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

ஆகவே நஷ்டம் இவ்வளவு. 2.80-க்கு விற்றால், 6.02-இல் கழிக்க, 3.22 லட்சம். வருடத்துக்கு 40,250 ரூபாய். ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 ரூபாய் 74 பைசா. நீங்கள் பயந்த 4.40 லட்சம் இல்லை. தெரிந்தவருக்கு நேரடியாக விற்றால் 2.90, 2.95 கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரரின் 2.65-க்கு மட்டும் கொடுக்காதீர்கள். வண்டி போனாலும் க்ளெய்ம் செய்யாததற்கான போனஸ், என்.சி.பி., உங்களுடையது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி மூன்று வருடத்துக்குள் புது வண்டி பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை படிந்ததும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 உங்கள் முன் வைக்கப்படும். வாங்குபவர் பெயர் காலியாக இருக்கும். "அதை நாங்க பாத்துக்குறோம் சார், கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். போடாதீர்கள். நானே ஒருமுறை போட்டேன். வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு வருடம் கழித்து அபராத மெசேஜ் என் போனுக்கு வந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் "வித்தவர்ட்ட கேளுங்க" என்றார்கள். விற்றவனே நான்தான்! பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கீகாரம் பெற்ற டீலர், வண்டியைப் பெற்றதுமே அரசின் பரிவாஹன் போர்ட்டலில் பதிந்து பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது. நல்ல விதி. ஆனால் சாலையோரக் கடைகளில் எத்தனை பேர் அந்த அங்கீகாரம் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு பெயரை மாற்ற மனிதன் புரோக்கர் பின்னால் அலைய வேண்டிய நிலையை இன்னும் சரிசெய்ய முடியவில்லையே.

அங்கீகாரச் சான்றைக் காட்டினால் சரி. காட்டாவிட்டால் வாங்குபவரின் பெயர், முகவரி எழுதிய படிவத்தில் மட்டும் கையெழுத்திட்டு, 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். சாவி கொடுக்கும் தேதியும் மணியும் கிலோமீட்டரும் எழுதிய டெலிவரி சீட்டில் அவர் கையெழுத்தை வாங்கி, அவருடைய ஆதார் நகலோடு பத்திரப்படுத்துங்கள். பெயர் மாறியதை பரிவாஹன் தளத்தில் நீங்களே பார்க்கும்வரை வாங்குபவரிடம் 20,000 ரூபாயாவது உத்தரவாதமாக வாங்கி வைக்க முடியுமா என்று தெரிந்தவருக்கு விற்கும்போதுகூட யோசிக்க வேண்டாம், அது நடக்காது. அதற்குப் பதிலாக, ஆர்.சி. உங்கள் பெயரிலிருந்து மாறும்வரை நடப்பு பாலிசியை ரத்து செய்யாமல் விடுங்கள்.