குலோ படே டஹர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு ஆண்டுகளாகச் சுரபாயாவில் பணிபுரிகிறேன். என் மனைவி ஜாவானியர். இந்தோனேசிய மொழி எனக்குத் தடையின்றி வரும். மனைவியின் தாய்க்கு மூத்தவரான மாமா ஒருவர் சோலோ நகரில் உடல்நலமின்றி இருந்தார். அவரைப் பார்க்கப் புறப்படுவதற்கு முந்தைய நாள், அகராதியில் மரியாதைச் சொற்களாகவே தேடியெடுத்து, ஜாவானிய மொழியில் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன்:

"பாக்டே, பென்ஜிங் குலோ படே திந்தாக் டதெங் கிரியானிபுன் பாக்டே. குலோ படே டஹர் வோந்தென் மர்கி. இபு மரிங்ஙி சாலாக். பாக்டே தக்சி சகித்?"

நாளை மாமா வீட்டுக்கு வருகிறேன், வழியிலேயே சாப்பிட்டுக்கொள்வேன், அம்மா (என் மாமியார்) உங்களுக்குச் சாலாக் பழம் கொடுத்தனுப்புகிறார், இன்னும் உடம்பு சரியில்லையா என்பவைதான் நான் சொல்ல நினைத்தவை. என் மனைவியும் அவளுடைய தம்பியும் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்கள். நான் எழுதியதில் மரியாதைக் குறைவான சொல் எது? இதையே இந்தோனேசிய மொழியில் எழுதியிருந்தால் சிரித்திருப்பார்களா?

அன்புடன்,
ஒரு வாசகர், சுரபாயா

அன்புள்ள நண்பருக்கு,

மரியாதைக் குறைவான சொல்லைத் தேடினால் உங்கள் செய்தியில் முக்கியமாக அகப்படுவது ஒன்றுதான். அது கடைசிச் சொல். அவர்கள் சிரித்தது அதற்காக இருக்காது. அவர்களைச் சிரிக்க வைத்தது மரியாதை மிகுந்த இரண்டு சொற்கள்தான், ஏனெனில் அவற்றை நீங்கள் உங்களுக்கே சூட்டிக்கொண்டீர்கள். 'திந்தாக்' என்றால் பெரியவர் ஒருவர் செல்லுதல். 'டஹர்' என்றால் பெரியவர் ஒருவர் உண்ணுதல். ஆகவே உங்கள் முதலிரண்டு வாக்கியங்கள், "அடியேன் நாளை எழுந்தருளுகிறேன், வழியில் அமுது செய்வேன்" என்று ஒருவர் தம்மைப் பற்றியே எழுதினால் நம் காதில் எப்படி விழுமோ அப்படித்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கும். ஜாவாப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஓயாமல் திருத்தும் பிழை இது. ஆகவே வெளிநாட்டவர் என்பதால் நேர்ந்தது என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

ஜாவானிய மொழியின் மரியாதைப் படிகளைக் கீழ்ப்படி, நடுப்படி, மேற்படி என்று ஒரே ஏணியாக எண்ணிக்கொள்வதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். அங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். முதல் கணக்கு, யாரிடம் பேசுகிறோம் என்பது. நெருங்கியவரிடமும் இளையவரிடமும் 'ஙோகோ' என்ற எளிய நடையில் பேசுவார்கள். மதிப்புக்குரியவரிடம் 'க்ரோமோ' என்ற நடையில் பேசுவார்கள். நீங்கள் எடுத்த 'குலோ' (நான்), 'பென்ஜிங்' (நாளை), 'படே' (எதிர்காலத்தைக் குறிப்பது), 'மர்கி' (வழி) ஆகியவை க்ரோமோச் சொற்கள். ஙோகோவில் இவை முறையே 'ஆகு', 'சேசுக்', 'அரெப்', 'தாலன்' என்றாகும். சொற்கள் மட்டுமல்லாமல் ஒட்டுகளும் மாறும். 'கிரியானிபுன்' என்பதில் நீங்கள் சரியாகச் சேர்த்த 'இபுன்', ஙோகோவில் வெறும் 'ஏ' ஆகிவிடும். இந்தக் கணக்கில் நீங்கள் ஓரிடத்திலும் தவறவில்லை.

இரண்டாவது கணக்கு, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. 'க்ரோமோ இங்கில்' எனப்படும் சில நூறு சொற்கள் இதற்கென்றே இருக்கின்றன. பெரியவரின் உடல், உறக்கம், உணவு, போக்குவரத்து, நோய், வீடு, பேச்சு ஆகியவற்றை மட்டும் அவை குறிக்கும். கேட்பவர் யாராக இருந்தாலும் பேசுபவர் அவற்றைத் தமக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. தமிழர்களுக்கு இது புரியாத விஷயமன்று. கொங்குநாட்டில் ஒருவர் "பையன் வந்தானுங்க" என்று சொல்லும்போது, 'வந்தான்' பையனைப் பற்றிய கணக்கு, 'ங்க' கேட்பவரைப் பற்றிய கணக்கு. ஒரே சொல்லுக்குள் இரண்டும் மோதாமல் அமர்ந்திருக்கின்றன. ஜாவானிய மொழி இதே வேலைக்கு விகுதியை நம்பாமல் முழுச்சொல்லையே மாற்றிவிடுகிறது. அகராதியோ இரண்டு கணக்குச் சொற்களையும் அருகருகே அச்சிட்டு வைத்திருக்கும்; அவற்றுள் மிக உயர்ந்தது எதுவோ அதுவே நல்லது என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

இனி உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன். பெரியவரிடம் நாம் செல்வதற்கு 'சோவன்' என்று தனிச்சொல் உண்டு. அது செல்பவரைத் தாழ்த்தி, பார்க்கப்படுபவரை உயர்த்துகிறது. அதற்குள்ளேயே அவருடைய இடமும் அடங்கிவிடுவதால் "குலோ படே சோவன்" என்றாலே போதும், வீட்டைக் குறிப்பிட வேண்டியதில்லை. குறிப்பிட்டே ஆகவேண்டுமென்றால் 'கிரியோ' போதாது. அது க்ரோமோச் சொல்தான், ஆனால் உங்கள் வீட்டுக்கும் அதே சொல்தான். பெரியவரின் வீடு 'தலெம்'. உண்பதற்கு நீங்கள் 'நெடோ' என்று எழுதியிருக்க வேண்டும். அது கேட்பவருக்குப் பணிவு காட்டும், உண்பவரை உயர்த்தாது.

மூன்றாவது வாக்கியத்தைத்தான் நான் அதிகம் ரசித்தேன், ஏனெனில் அதிலுள்ள பிழை நுட்பமானது. 'மரிங்ஙி' என்பது பெரியவர் தம்மினும் இளையவருக்குக் கொடுத்தல். உங்கள் மாமியார் உங்களுக்குப் பெரியவர், ஆகவே அவருக்கு உயர்வுச் சொல் போட்டது நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் கொடுப்பது தம் அண்ணனுக்கு. தங்கை அண்ணனுக்கு 'மரிங்ஙி' என்றால் அண்ணன் கீழே இறங்கிவிடுகிறார். இளையவர் பெரியவருக்குக் கொடுப்பதற்கு 'ஞாவொசி' என்று வேறு சொல் இருக்கிறது. ஆக, இந்த ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க நீங்கள், கொடுப்பவர், பெறுபவர், கேட்பவர் என்ற நால்வரின் உறவையும் மனத்தில் அடுக்க வேண்டியிருக்கிறது. இதே பழத்தை மாமியார் உங்கள் மைத்துனனுக்குக் கொடுத்தனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் அவனுக்கு ஙோகோவில், "இபு மரிங்ஙி கோவே சாலாக்" என்று எழுதலாம். அவனை 'கோவே', அதாவது 'நீ', என்று அழைக்கும் அதே வாக்கியத்தில் தாய்க்கு மட்டும் 'மரிங்ஙி' என்ற உயர்வுச்சொல் நிற்கும். மாமாவுக்கு எழுதும்போது தவறான சொல், மைத்துனனுக்கு எழுதும்போது சரியாகிவிடுகிறது. இரண்டு கணக்குகளும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசிச் சொல்லான 'சகித்' இந்தோனேசிய மொழியிலும் இருப்பதால் உங்களை ஏமாற்றிவிட்டது. இந்தோனேசிய மொழியில் குடியரசுத் தலைவருக்கும் கோழிக்கும் நோய் வந்தால் அது 'சகித்' தான். ஜாவானிய மொழியில் நோய் ஙோகோவில் 'லோரோ', க்ரோமோவில் 'சகித்', பெரியவருக்கு வந்தால் 'கெரஹ்'. "எனக்கு உடம்பு சரியில்லை" என்று மாமாவுக்கு எழுதுவதாக இருந்தால் 'சகித்' மிகச் சரியான சொல். அவரைப் பற்றிக் கேட்கும்போது அது மொட்டையாக நிற்கிறது. வடிவம் ஒன்றாகவும் இடம் வேறாகவும் இருக்கும் இத்தகைய சொற்கள்தான் இந்தோனேசிய மொழி வழியாக ஜாவானிய மொழிக்குள் வருபவர்களுக்குப் பெரிய பொறி.

திருத்திய செய்தி இப்படி அமையும்: "பாக்டே, பென்ஜிங் குலோ படே சோவன். குலோ படே நெடோ வோந்தென் மர்கி. இபு ஞாவொசி சாலாக். பாக்டே தக்சி கெரஹ்?"

இதையே இந்தோனேசிய மொழியில் எழுதினால்: "பாக்டே, பேசோக் சாயா மாவ் கெ ரூமா பாக்டே. சாயா மாக்கான் டி ஜாலான். இபு தீத்திப் சாலாக் உந்துக் பாக்டே. பாக்டே மாசி சாகித்?" இதில் போவதும் உண்பதும் நோயும் வீடும் யாருக்கும் ஒன்றே. மைத்துனனுக்கு எழுதும்போது 'பாக்டே' இருக்குமிடத்தில் அவனை அழைக்கும் பெயரையும், 'சாயா' இருக்குமிடத்தில் 'ஆகு'வையும் வைத்தால் வேலை முடிந்துவிடும். சிரிப்பதற்கு இதில் எதுவும் இல்லை. அதற்காக இந்தோனேசிய மொழியில் மரியாதையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அங்கே அது பெரும்பாலும் விளிச்சொல்லில் குவிந்திருக்கிறது. மாமாவை 'காமு' என்றால் அவமதிப்பு. 1950-களில் பொதுவான முன்னிலைச் சொல்லாகப் பரவிய 'அண்டா' என்றால் விளம்பரப் பலகையிலிருந்து பேசுவது போலிருக்கும். ஆகவே முன்னிலைப் பெயரையே விட்டுவிட்டு, வேண்டிய இடமெல்லாம் 'பாக்டே' என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். இடையில் ஒரு செய்தி: பணிவான தன்மைச் சொல்லாகிய 'சாயா', அடிமை என்று பொருள்பட்ட 'சஹாயா'விலிருந்து வந்தது. நம்முடைய 'அடியேன்' தேய்ந்து அன்றாடச் சொல்லாகிவிட்டால் எப்படியோ அப்படி.

'பாக்டே' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பெரிய தந்தை என்று பொருள்படும் ஜாவானியச் சொற்றொடரின் சுருக்கம்; 'பாக்லிக்' என்பது சிறிய தந்தை. நம் பெரியப்பா, சித்தப்பா போலவே தோன்றினாலும், நாம் தாயுடன் பிறந்த ஆண்களை மாமா என்று பிரித்துவிடுகிறோம். அவர்கள் இருபக்கத்தாரையும் ஒன்றாக்கி, பெற்றோருக்கு மூத்தவரா இளையவரா என்று மட்டுமே பார்க்கிறார்கள். இந்த மூப்பு அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது. பாக்டேயின் மகன் உங்கள் மனைவியைவிட வயதில் சிறியவராக இருந்தாலும், மரபுப்படி அவர் அண்ணன் முறைதான். யாருக்கு எந்தச் சொல் என்று தீர்மானிக்கும் முன் வயதைக் கேட்காமல் கிளையைக் கேளுங்கள்.

சுரபாயாவில் இருப்பதால் மற்றொரு எச்சரிக்கையும் உங்களுக்குத் தேவைப்படும். அங்கே தெருவில் மரியாதையாகக் கேட்கும் 'சம்பேயன்' என்ற முன்னிலைச் சொல் சோலோவில் மாமாவிடம் எடுபடாது. அங்கே 'பஞ்செனெங்ஙன்' வேண்டும். குறுஞ்செய்தியில் இரண்டையும் தவிர்த்து 'பாக்டே' என்றே எழுதிவிடலாம்.

இவ்வளவு கணக்குப் பார்க்க நேரமில்லாதபோது இளைய ஜாவானியர்கள் செய்வதைச் செய்யுங்கள். அவர்களில் பலர் க்ரோமோவில் தடுமாறி அவமானப்படுவதைவிட, செய்தியின் உடலை இந்தோனேசிய மொழியில் எழுதி, விளிக்கு 'பாக்டே'யும் ஆமோதிப்புக்கு 'ங்கே'யும் முடிவில் நன்றிக்கு 'மாத்துர் நுவுன்' என்பதும் மட்டும் ஜாவானிய மொழியில் வைத்துவிடுகிறார்கள். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. க்ரோமோவில் எழுதியே தீருவேன் என்றால், உங்களைப் பற்றிய ஒவ்வொரு வினைச்சொல்லையும் அனுப்பும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்; பெரியவரைப் பற்றிய சொல் தாழ்ந்தால் கற்காதவன் என்று மன்னித்துவிடுவார்கள், உங்களைப் பற்றிய சொல் உயர்ந்தால் சிரிப்பார்கள்.

மாமா பதில் அனுப்பியிருந்தால் அது "இயோ லே, ம்ரெனெயோ. ஆகு விஸ் மாரி" என்பது போல ஙோகோவில் இருந்திருக்கும்: சரி தம்பி, வா, எனக்குக் குணமாகிவிட்டது. அதில் மரியாதைச் சொல் ஒன்றும் இல்லையே என்று எண்ண வேண்டாம். தம்மைப் பற்றி எழுதும்போது அவரும் தமக்கு உயர்வுச்சொல் போட்டுக்கொள்ள மாட்டார். உங்களுக்கு ஙோகோவில் எழுதியது உங்களை வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டதால். அப்படியல்லாமல் முழுவதும் முறையான இந்தோனேசிய மொழியில் பதில் வந்திருந்தால், அடுத்த முறை நீங்கள் சிரமப்பட வேண்டாமென்று அவர் கருதியிருக்கலாம். மனைவியிடம் காட்டிக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்