கோல் சராசரியிலிருந்து வெற்றி, டிரா, தோல்வி வாய்ப்பு

"ரெண்டு கால்பந்து அணிகளின் கோல் சராசரி தெரியும். அதை வைத்து யார் ஜெயிப்பார்கள் என்று சதவீதத்தில் சொல்ல முடியுமா?"

முடியும். எதிரணியின் தடுப்பாட்டத்தையும் கணக்கில் எடுத்தபின், சொந்த மைதான அணிக்கு 1.5 கோல், மற்றதற்கு 1.0 கோல் எதிர்பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் அணி k கோல் அடிக்கும் வாய்ப்பு:

```
P(k) = e^(-λ) × λ^k / k!
```

λ என்பது அந்தச் சராசரி. சரியாக ஒரு கோல் அடிக்கும் வாய்ப்பு சொந்த மைதான அணிக்கு 0.335, மற்றதற்கு 0.368; 1–1 வர இவை இரண்டையும் பெருக்கினால் 12.3%. இப்படியே 0 முதல் 8 கோல் வரை எல்லா ஸ்கோருக்கும் கட்டம் போட்டு, அப்புறம் வகைவாரியாகக் கூட்டினால் சொந்த மைதான அணிக்கு வெற்றி 49%, டிரா 26%, தோல்வி 25%.

எனக்கு உறுத்துவது அந்தப் பெருக்கல்தான். இரு அணிகளின் கோல்களும் ஒன்றையொன்று பாதிக்காது என்று அது நம்புகிறது. நிஜத்தில் 0–0, 1–1 இதைவிட அதிகம் வருகின்றன. டிக்சன், கோல்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் 1997-இல் சிறிய ஸ்கோர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம் தந்தார்கள். பழைய ஆட்டங்களோடு ஒப்பிட்டு, உங்கள் டிரா சதவீதம் குறைவாக இருந்தால் அந்தத் திருத்தத்தைச் சேருங்கள்.