“ஒண்ணுமே சாப்பிடலையே!” – இதை எப்படி மொழிபெயர்ப்பது?

கேள்வி: வெளிநாட்டு நண்பர் ஒருவரை விருந்துக்குக் கூட்டிப்போகிறேன். வீட்டுக்காரர்கள் “நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று வற்புறுத்தினால் அவருக்கு எப்படிச் சொல்வது? அவர் ஒருமுறை “போதும்” என்றால் விட்டுவிடுவார்களா?

பதில்: “ஒண்ணுமே சாப்பிடலையே” என்பதை அப்படியே பெயர்த்தால், நண்பர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு “இல்லையே, நன்றாகத்தானே சாப்பிட்டேன்” என்று கணக்குக் காட்டத் தொடங்குவார். “போட்டுக்கோங்க” என்பதும் கட்டளையாகக் கேட்கும். “நீங்கள் வயிறார சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்கிறார்கள்” என்று சொல்லுங்கள்.

ஆனால் இப்படிக் கேள்வியாக மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. “வேண்டாம், நன்றி” என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டு, பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். விருந்து கொடுப்பவருக்கோ அது வெறும் கூச்சம். உடனே மறுபடியும் கேட்பார். சீன மொழியின் மரியாதைப் பேச்சை ஆராய்ந்த யூகுவோ கூ, 1990-இல் வெளிவந்த கட்டுரையில், விருந்துக்கு அழைக்கும் பேச்சே இப்படித்தான் நடக்கும் என்று காட்டினார்: அழைப்பு, மறுப்பு, மறுபடி அழைப்பு, மறுபடி மறுப்பு, வற்புறுத்தல், கடைசியில் சம்மதம். நம்மிடமும் ஏறக்குறைய அதேதான். அதனால், “இரண்டு மூன்று முறை கேட்பார்கள், அது உபசாரம், கோபமோ பிடிவாதமோ இல்லை” என்று சாப்பிட உட்காருவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.

உண்மையிலேயே போதும் என்றால் வெறும் “போதும்” எடுபடாது. முதலில் சாப்பாட்டைப் பாராட்டி, அப்புறம் காரணம் சொல்லி, கையால் தட்டை மறைத்துக் காட்ட வேண்டும். கரண்டி ஏற்கெனவே தட்டுக்கு மேல் வந்துவிட்டால் “ஒரே ஒரு கரண்டி மட்டும்” என்று வாங்கிக்கொள்வது எளிது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம். பரிமாறுவதற்கு முன்பே நீங்களே வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாதிச் சாப்பாட்டில் சொன்னால் அதையும் கூச்சம் என்றே நினைப்பார்கள்.

இதைவிட ஆபத்தானது “பெரிசா ஒண்ணும் செய்யல, ஏதோ இருக்கறத வெச்சிருக்கோம்” என்ற வாக்கியம். மேசை நிறைய வைத்துவிட்டுத்தான் இதைச் சொல்வார்கள். நீங்கள் அதை மன்னிப்பாகப் பெயர்த்தால், நண்பர் நல்லெண்ணத்தோடு “பரவாயில்லை” என்பார். அதை நீங்கள் தமிழில் திருப்பிச் சொன்னால் சாப்பாடு சுமார்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். “உங்களுக்காக ஆசையாகச் சமைத்திருக்கிறார்கள், தன்னடக்கத்துக்காகக் குறைத்துச் சொல்கிறார்கள்” என்று பெயர்த்தால், “அடேயப்பா, இவ்வளவா!” என்ற தோரணையில் அவரிடமிருந்து பதில் வரும். ஒருவேளை அவர் “பரவாயில்லை” என்றே சொல்லிவிட்டாலும், “இவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்களேங்கறார்” என்று தமிழில் மாற்றிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த அளவு உரிமை உண்டு என்பது என் கருத்து.