பதவிப் பெயர் ஒன்று, தேடுபவர் தட்டும் சொல் வேறு

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாகச் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நிறுவனம் எனக்குக் கொடுத்திருக்கும் பதவிப் பெயர் `Associate - People Services`. லிங்க்ட்இன்னில் அதைத்தான் போட்டிருக்கிறேன். வருகிற அழைப்புகளெல்லாம் ஆளெடுக்கும் வேலைக்கே வருகின்றன, பேரோல் வேலைக்கு ஒன்றும் இல்லை. எந்தெந்தச் சொற்களை எங்கே போட வேண்டும்? என் பக்கத்தின் முகவரி இறுதியில் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான வால் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு `payroll` என்று சேர்த்தால் தேடலில் முன்னால் வருவேனா?

பதில்: முகவரியில் சேர்ப்பதால் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் கிடைக்காது. உங்களைத் தேடுபவர்கள் இரண்டு வகை. ஒருவருக்கு உங்களைத் தெரியாது. அவர் வேலையின் பெயரைத் தட்டித் தேடுகிறார். மற்றவருக்கு உங்கள் பெயர் தெரியும். உங்கள் ரெஸ்யூமே அவர் மேசையில் இருக்கிறது, அல்லது யாரோ உங்களைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். முதலாமவருக்குப் பயன்படுவது சொற்கள். இரண்டாமவருக்குப் பயன்படுவது முகவரி. உங்களுக்கு வர வேண்டியவர் முதலாமவர் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

பேரோல் ஆள் தேவைப்படும் ஒரு ரெக்ரூட்டர் தேடல் பெட்டியில் தட்டுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
("payroll specialist" OR "payroll executive") AND SAP NOT recruiter
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் இரண்டு சொற்களும் அதே வரிசையில், இடையில் வேறு சொல் இல்லாமல் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். `Payroll and Benefits Specialist` என்று நீங்கள் எழுதியிருந்தால், பொருள் ஒன்றாக இருந்தும் அந்தத் தொடர் அங்கே இல்லை. `OR` என்பது இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்பதற்கு. `NOT` என்பதற்குப் பின்னால் வரும் சொல் உங்கள் பக்கத்தில் இருந்தால் நீங்கள் பட்டியலிலிருந்தே விலக்கப்படுவீர்கள். எப்போதோ ஆறு மாதம் ஆளெடுப்பில் உதவியதைப் பெருமையாகப் பெரிய எழுத்தில் போட்டிருப்பவர்கள் இங்கேதான் காணாமல் போகிறார்கள். உங்களுக்கு ஆளெடுப்பு அழைப்புகள் வருவதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும். பக்கம் முழுவதையும் ஒருமுறை வாசித்து, நீங்கள் இனிச் செய்ய விரும்பாத வேலையின் சொற்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று பாருங்கள். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. அந்தச் சொல் தலைப்பு வரியிலும் திறன் பட்டியலிலும் இருக்க வேண்டியதில்லை என்கிறேன்.

உங்களுடைய இப்போதைய பதவிப் பெயரில் ‘பேரோல்’ என்ற சொல்லே இல்லை. பக்கத்தின் வேறு இடங்களிலும் அந்தத் தொடர் இல்லை என்றால், மேலே உள்ள தேடலில் நீங்கள் அகப்படவே வழி கிடையாது. நிறுவனங்கள் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் பதவிப் பெயர்கள் அவற்றின் சம்பள அடுக்குக்காக உண்டானவை. வெளியில் இருப்பவர் அவற்றை அறியமாட்டார், தட்டவும் மாட்டார்.

சரியான சொல்லை யோசித்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், எண்ணிக் கண்டுபிடியுங்கள். நீங்கள் உண்மையிலேயே விண்ணப்பிக்கக்கூடிய வேலை விளம்பரங்கள் இருபதை எடுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ஒவ்வொரு விளம்பரத்தின் தலைப்பில் இருக்கும் பதவிப் பெயர். வலப்பக்கம் ‘தேவையான தகுதி’ என்ற இடத்தில் வரும் மென்பொருள் பெயர்களும் வேலைப் பெயர்களும். ஒரு சொல் திரும்ப வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். இருபது முடிவதற்குள் எந்தச் சொல் மேலே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். விளம்பரத்தை எழுதியவரும் தேடல் பெட்டியில் தட்டுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள், அல்லது ஒரே அறையில் இருப்பவர்கள். அதனால்தான் இந்த எண்ணிக்கைக்கு மதிப்பு.

உங்கள் தாளில் `Payroll Specialist` ஒன்பது முறை, `Payroll Executive` ஐந்து முறை, `Payroll Analyst` நான்கு முறை, மற்றவை இரண்டு என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் `SAP`, `Workday`, `statutory compliance` ஆகியவை மேலே நிற்கின்றன. முதல் பெயரை உங்கள் முதன்மைச் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பெயர் சுயவிவரப் பத்தியில் ஓரிடத்தில் இயல்பாக வந்தால் போதும். மூன்றாவதை விட்டுவிடலாம், அந்த வேலை உங்கள் வேலையிலிருந்து சற்று விலகியது என்றால். மென்பொருள்களில் நீங்கள் கையாண்டவை மட்டும் உங்களுக்கு உரியவை. `Workday` திறந்துகூடப் பார்த்ததில்லை என்றால் அது பட்டியலில் வேண்டாம். முதல் தொலைபேசி அழைப்பிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

இனி எங்கே வைப்பது. தலைப்பு வரி, அதாவது பெயருக்குக் கீழே வரும் வரி, 220 எழுத்துவரை இடம் தருகிறது. தேடல் முடிவில் உங்களைப் பற்றி முதன்மையாகத் தெரிவது படம், பெயர், இந்த வரி, ஊர். அதிலும் கைப்பேசியில் வரியின் பின்பகுதி வெட்டப்பட்டுவிடும். ஆகவே முதன்மைச் சொல் முதல் சொல்லாகவே இருக்கட்டும்:

```
Payroll Specialist | Multi-country Payroll, SAP, Statutory Compliance
```

மனிதர்களை நேசிப்பவர், ஆர்வம் மிக்கவர் என்பன போன்ற சொற்களை இந்த வரியில் பலர் வைக்கிறார்கள். அவற்றை யாரும் தட்டித் தேடுவதில்லை. அந்த இடத்தை வேலையின் பெயருக்குக் கொடுங்கள்.

அடுத்தது அனுபவப் பகுதியில் இருக்கும் பதவிப் பெயர். தலைப்பு வரியை மட்டும் மாற்றிவிட்டு இதை அப்படியே விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. ரெக்ரூட்டர்கள் பயன்படுத்தும் தேடலில் பதவிப் பெயருக்கென்று தனி வடிகட்டி உண்டு. அது அனுபவப் பகுதியில் நீங்கள் எழுதிய பதவியைப் பார்க்கிறது. அதே நேரம், நிறுவனம் தராத பதவியைத் தந்ததாக எழுதுவது சரியல்ல; பின்னாளில் பணிச் சான்று சரிபார்க்கும்போது சிக்கலாகும். இரண்டையும் சேர்த்தே எழுதலாம்:

```
Associate - People Services (Payroll Specialist)
```

அலுவலகப் பெயர் முன்னால், நீங்கள் செய்யும் வேலை அடைப்புக்குள். ஆசைக்காக ஒருபடி மேலே போய் `Payroll Manager` என்று போடாதீர்கள். உங்களுக்குக் கீழே ஆள் இல்லை என்றால் அந்தச் சொல் தவறான ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

திறன் பட்டியலில் ஒரு சிறு கவனம். தட்டத் தொடங்கியதும் கீழே சில பெயர்கள் விரியும். அவற்றிலிருந்தே தேர்ந்தெடுங்கள், நீங்களாக ஒரு சொற்றொடரை உருவாக்கினால் திறன் வடிகட்டியில் அது ஒத்துப்போகாமல் போகலாம். சுயவிவரப் பத்தியில் சுருக்கெழுத்தையும் விரிவையும் ஒருமுறையேனும் சேர்த்து எழுதுங்கள். ஒருவர் `HRIS` என்று தட்டுவார், இன்னொருவர் முழுவதையும் தட்டுவார். மற்றபடி ஒரே சொல்லைப் பத்து முறை திரும்ப எழுதுவது வேண்டாம். தேடலில் அகப்படுவதற்கு அந்தச் சொல் ஓரிடத்தில் இருந்தாலே போதும்; அகப்பட்ட பிறகு வாசிக்கப்போவது ஒரு மனிதர்.

மாற்றம் வேலை செய்கிறதா என்று நீங்களே தேடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யார் தேடுகிறார், அவருக்கும் உங்களுக்கும் இடையே எத்தனை தொடர்பு என்பதைப் பொறுத்து வரிசை மாறும்; உங்கள் திரையில் தெரிவது அவர் திரையில் தெரியாது. உங்கள் பக்கத்திலேயே `Analytics` பகுதியில் `search appearances` என்று ஒரு பதிவு இருக்கிறது. எத்தனை தேடலில் வந்தீர்கள் என்பதோடு, தேடியவர்கள் எந்த நிறுவனத்தினர், என்ன பதவியில் இருப்பவர்கள் என்பதும் அங்கே தெரியும். மாற்றுவதற்கு முன் அதைக் குறித்து வையுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்துப் பாருங்கள். எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதைவிட, தேடியவர்களின் பதவிகள் மாறியிருக்கின்றனவா என்பதே உங்களுக்கு முக்கியம். எண்ணிக்கை குறைந்தாலும் கணக்குப் பிரிவுத் தலைவர்களும் பேரோல் மேலாளர்களும் அதில் தென்படத் தொடங்கினால் சொல் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது.

இப்போது முகவரி. கணினியில் உங்கள் பக்கத்தைத் திறந்தால் வலப்பக்கம் `Public profile & URL` என்று இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள பென்சில் குறியை அழுத்தி, திறக்கும் பக்கத்தில் `Edit your custom URL` என்பதன் கீழ் மாற்றலாம். 3 முதல் 100 எழுத்துவரை அனுமதி. இடைவெளியும், இணைப்புக் கோட்டைத் தவிர வேறு சிறப்புக் குறிகளும் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. ஆறு மாதத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது. முந்தியவருக்கே முகவரி, வேறொருவர் எடுத்துவிட்டால் அது கிடைக்காது.

அங்கே உங்கள் பெயரை மட்டும் வையுங்கள். வேலையும் நிறுவனமும் ஊரும் மாறும். `payroll` என்று சேர்த்துவிட்டு நான்கு ஆண்டில் நிதித் திட்டமிடலுக்கு நகர்ந்தால், பழைய ரெஸ்யூமேக்களில் எல்லாம் இருக்கும் முகவரியை மாற்ற வேண்டிவரும். பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் முன்னெழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். அதுவும் இல்லாதபோது மட்டும் தொழிற்சொல்லைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டாம். வயதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறீர்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு எழுத்துக்கூட்டல் தனிச் சிக்கல். ‘கயல்விழி’ என்பதை ஒருவர் `kayalvizhi` என்றும் இன்னொருவர் `kayalvili` என்றும் எழுதுவார். சான்றிதழில் ஒன்று, மின்னஞ்சலில் இன்னொன்று, முகவரியில் மூன்றாவது என்று இருந்தால், பெயரை வைத்துத் தேடுபவர் உங்களை வேறு ஆள் என்று கடந்துவிடுவார். ரெஸ்யூமேயில் எது இருக்கிறதோ அதுவே பக்கத்தின் பெயரிலும் முகவரியிலும் இருக்க வேண்டும். முன்னெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் ஒன்றுபோல் இருக்கட்டும். அச்சிடும் ரெஸ்யூமேயில் இன்னொன்று பாருங்கள். இணைப்புக் கோடு உள்ள முகவரி வரியின் கடைசியில் உடைந்தால், அந்தக் கோடு முகவரியைச் சேர்ந்ததா, வரி உடைந்ததால் வந்ததா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. முகவரி முழுவதும் ஒரே வரியில் அமையும்படி செய்யுங்கள்.

மாற்றிய அன்றே ரெஸ்யூமே, மின்னஞ்சல் கையொப்பம், மற்ற தளங்களில் கொடுத்த இணைப்பு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய முகவரி எப்போதும் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சேமிப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். தெரிந்தவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, முகவரியை ஒருமுறை மட்டும் சொல்லி, அவரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். “கோடு எங்கே வருகிறது, எண் ஒன்றா எழுத்தா” என்று அவர் திருப்பிக் கேட்டால், இன்னும் எளிதான ஒன்றைத் தேடுங்கள்.